மாத்திரை போட்டால் பிரஷர் ‘இல்லை’ ஆகிவிடாது

எனக்கு 44 வயது. ஐந்து ஆண்டுகளாகத் தினமும் காலையில் ரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். 50 லட்சம் ரூபாய்க்கு டெர்ம் பாலிசி எடுக்க முன்வந்தபோது முகவரிடம் இதைத் தெளிவாகவே சொன்னேன். “மாத்திரையில் நார்மலாகத்தானே சார் இருக்கிறது, எழுதினால் வீணாக மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள்” என்று சொல்லிவிட்டு, அவரே படிவத்தை நிரப்பினார். என் கைபேசிக்கு வந்த ஓடிபியை நான் படித்துச் சொன்னேன். அந்த ஆறு இலக்கங்கள்தான் என் கையொப்பம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாலிசி வந்ததும் பின்னால் இணைத்திருந்த படிவ நகலைப் படித்தேன். “உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக எப்போதேனும் கண்டறியப்பட்டதா, அதற்குச் சிகிச்சை பெற்றீர்களா?” என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்றிருந்தது. இன்றைய அளவு என்ன என்பதையா கேட்கிறார்கள்? நோய் கண்டறியப்பட்டதா என்றல்லவா கேட்கிறார்கள்! அளவு இயல்பாக இருப்பதே மாத்திரையால்தான். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் நான் இறந்திருந்தால், முக்கிய உண்மை மறைக்கப்பட்டது என்று சொல்லி நிறுவனம் காப்பீட்டுத் தொகையைத் தர மறுக்க இடமிருந்தது. மருந்துக்கடை ரசீதும் மருத்துவமனைக் குறிப்பும் அதற்குப் போதுமான சான்றாகியிருக்கும், என் மனைவியோ முகவர் சொன்ன வாய்வார்த்தையை நிரூபிக்க வழியின்றி நின்றிருப்பாள்.

பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. அந்தக் கெடுவுக்குள் மருந்துச் சீட்டையும் இணைத்து, பதிலைத் திருத்துமாறு நிறுவனத்துக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள், அங்கேதான் இரண்டாவது அடி விழுந்தது. ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதால் நான் அன்று மாத்திரையும் போடவில்லை. வீட்டுக்கு வந்த ஊழியர் நான் மாடியேறி வந்து மூச்சு வாங்குவது அடங்குவதற்குள் கையில் பட்டையைக் கட்டி, ஒரே ஒருமுறை பார்த்து 158/98 என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு இருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். அந்த ஒற்றை அளவை வைத்து, ஆண்டுக்கு 14,200 ரூபாயாக இருந்த பிரீமியத்துடன் 50 சதவீதம் கூட்டி 21,300 ரூபாய் என்று கடிதம் வந்தது.

நான் அதை ஏற்கவில்லை. என் மருத்துவரின் கடிதத்தையும், ஆறு மாதங்களாக மருத்துவமனை அட்டையில் பதிவான 124/80 முதல் 134/86 வரையிலான அளவுகளையும் அனுப்பி மறுபரிசோதனை கேட்டேன். ஆய்வகத்தில், வழக்கமான மாத்திரைக்குப் பிறகு, இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்தார்கள்: 136/86, 132/84, 130/84. கூடுதல் தொகை 25 சதவீதமாகக் குறைந்தது, பிரீமியம் 17,750 ரூபாய். நோயை அறிவித்ததற்குக் கொஞ்சம் கூடத் தர வேண்டியிருக்கும் என்பது நியாயம்தான். ஆனால் எவ்வளவு கூட என்பதை, வயதும் மற்ற பரிசோதனை முடிவுகளும் போலவே, தாளில் ஏறும் அந்த எண்ணும் தீர்மானிக்கிறது.

ஆகவே படிவத்தின் ஒவ்வொரு பதிலையும் நீங்களே படித்த பிறகே ஓடிபி கொடுங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு போடலாமா என்று பரிசோதனைக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அன்று எடுத்த அளவுகள் அனைத்தையும் எழுதச் சொல்லி, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பிய திருத்த மின்னஞ்சலும் நிறுவனத்தின் பதிலும் இப்போது பாலிசிப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கின்றன, அந்த உறை எங்கே இருக்கிறது என்பது என் மனைவிக்கும் தெரியும்.