ஒரு மணிநேர உரையைச் சிறு பதிவுகளாக்கும் வேலை: சில வருடம் செய்து பார்த்த பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் மாதம் ஒருமுறை தமிழில் ஒரு உரை வைக்கிறோம். டொக்டர், சட்டத்தரணி, வரலாறு படிப்பிக்கிறவர் என்று யாராவது ஒருவர் வந்து ஒரு மணிநேரம் பேசுவார், அப்புறம் கேள்வி. மண்டபத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். முழுக் காணொளியை யூடியூபில் போட்டால் முதல் சில நிமிடங்களோடு பெரும்பாலானவர்கள் போய்விடுகிறார்கள், அது அங்கேயே வரைபடமாகத் தெரியும். அதனால்தான் ஒரு உரையிலிருந்து பல சிறு பதிவுகள் எடுத்து வட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டகிராம், எக்ஸ் என்று பிரித்துப் போடத் தொடங்கினோம். இந்த வேலை சில வருடமாக என் கையில் இருக்கிறது. எது நின்றது, எதை விட்டுவிட்டோம் என்று எழுதுகிறேன்.

இதைப் பற்றி விசாரித்தால் எல்லோரும் சொல்வது, காணொளியை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள் என்பதுதான். நல்ல பேச்சாளர் ஒருவரின் உரையில் இது சரிவராது, ஏனென்றால் நன்றாகப் பேசுகிறவர் முன்னால் சொன்னதன் மேல்தான் அடுத்ததைக் கட்டுவார். “அதனால்தான் சொல்கிறேன்”, “இந்த இரண்டாவது வகையில்” என்று தொடங்கும் துண்டு அந்த மண்டபத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் விளங்கும். நிமிடத்தைப் பார்த்து வெட்டுவதை விட்டுவிட்டு, சொன்ன விஷயத்தைப் பார்த்து எடுக்கத் தொடங்கிய பிறகுதான் பதிவுகள் உருப்பட்டன.

நான் செய்வது இதுதான். உரையை முழுவதும் கேட்டுக்கொண்டே ஒரு விரிதாளில் மூன்று நிரல் நிரப்புவேன். முதலாவதில் நிமிடம். இரண்டாவதில் பேச்சாளர் சொன்ன ஒரு விஷயம், ஒரே வசனத்தில். மூன்றாவதில் அந்த விஷயம் எந்த நிபந்தனையோடு உண்மை என்பது. மூன்றாவது நிரல்தான் முழு வேலையின் உயிர். அதை நிரப்ப முடியாவிட்டால், அல்லது நிரப்பியதும் இரண்டாவதை விட அது நீளமாகிவிட்டால், அந்த விஷயத்தைச் சிறு பதிவாக்குவதில்லை. முழு உரைக்கு இணைப்புக் கொடுத்துவிடுவேன்.

டெங்கு பற்றி ஒரு டொக்டர் பேசிய உரையை உதாரணத்துக்கு எடுக்கிறேன். 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது என்று தொடங்கி, நுளம்பின் வாழ்க்கை, வீட்டுப் பராமரிப்பு, ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது என்று போனது அந்த உரை. தாளில் விழுந்த விஷயங்களில் பாதிக்கு மேல் தனியாக நிற்கக் கூடியவை. பூச்சாடித் தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே விளிம்பில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும், அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அப்படி ஒன்று. இதற்கு முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். தொடர்மாடியில் இருக்கிறவருக்கு உடனே செய்யக்கூடிய வேலையும் கூட.

ஆனால் அந்த உரையில் முக்கியமான விஷயம் வேறு. டெங்குக் காய்ச்சல் சில நாளில் இறங்கும், சனம் சுகமாகிவிட்டது என்று நினைக்கும், ஆனால் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அந்த நேரத்தில்தான் தொடங்கும், அது ஏறத்தாழ 24 முதல் 48 மணிநேரம் இருக்கும். டொக்டர் இதன் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சபையில் ஒருவர் பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேள்வி கேட்டார். அவர் அதற்குப் பதில் சொல்லி முடித்து இரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் மறுபாதிக்கு வந்தார். நிமிடக் கணக்கில் வெட்டியிருந்தால் கையில் கிடைப்பது “மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் இறங்கும், பயப்படத் தேவையில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள்” என்ற துண்டு. அதைக் கேட்டு ஒரு வீட்டில் நிம்மதியாகப் படுத்துவிட்டால் என்ன ஆவது? இப்படியான இடத்தில் காணொளித் துண்டே வேண்டாம், எழுத்தாகப் போடுவதுதான் சரி என்பது என் தீர்மானம். பேச்சில் தூரமாகக் கிடக்கிற இரண்டு பாதியை எழுத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

எழுதியதை அப்படியே போடுவதுமில்லை, பேச்சாளருக்கு அனுப்பி அவர் பார்த்த பிறகுதான். அந்த டொக்டர் குரல் பதிவில் பதில் அனுப்பினார்: “தம்பி, மூண்டாம் நாள் எண்டதை எடுத்துவிடுங்கோ. சிலருக்கு அஞ்சாம் நாள்தான் இறங்கும். நாளைப் போட்டா சனம் நாளைத்தான் எண்ணும், பிள்ளையைப் பாக்காது.” உரையில் அவரே சொன்ன நாள்தான் அது. மண்டபத்தில் சுற்றிவர விளக்கம் இருந்தது, சிறு பதிவில் அது இல்லை என்பதை அவர் உடனே பிடித்துவிட்டார். இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது. ஒரு நாள் இரண்டு நாள் தாமதமாகும், ஆகட்டும்.

கடைசியில் எக்ஸுக்குப் போனது இது: “டெங்குக் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசில் இரத்தம், கடும் சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.” எக்ஸில் 280 என்று சொல்கிற எல்லை தமிழுக்கு நாம் நினைக்கிற 280 இல்லை. அது யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். “நுளம்பு” கண்ணுக்கு நாலு எழுத்து, அங்கே ஏழு. “காய்ச்சல்” ஐந்து எழுத்து, அங்கே ஒன்பது. ஆகவே நமக்குக் கிடைப்பது சுமார் 150, 160 எழுத்துதான். இணைப்புப் போட்டால் அது எவ்வளவு நீளமானாலும் 23 கழியும்.

அதே விஷயம் முகநூலுக்குப் போகும்போது ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கமும் சேரும், ஏனென்றால் அங்கே “மேலும் பார்க்க” என்பதை அழுத்தி வாசிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஸ்டகிராமில் அதையே சில படங்களாக்குவேன், ஆனால் ஆபத்து அறிகுறிகள் எல்லாம் ஒரே படத்தில் இருக்க வேண்டும். அடுத்த படத்துக்குத் தள்ளிப் பார்க்காமல் போகிறவர் அதிகம்.

கொழும்பில் உண்மையாகவே வேலை செய்கிற இடம் வட்ஸ்அப்தான். தொடர்மாடிக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு, குடும்பக் குழு என்று ஒரு படம் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்கு எண்ணிக்கை தெரியாது, ஆனால் மண்டபத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே பார்த்தோம் என்று சொல்வது இதைத்தான். இங்கே கவனிக்க வேண்டியது, ஒருவர் படத்தைச் சேமித்து வேறு குழுவில் போடும்போது நாம் கீழே எழுதியது கூட வராது. வெறும் எழுத்தாகப் போட்டால் யாராவது நடுவில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே யார் சொன்னது, எந்த மாதம் எந்த வருடம் என்பது படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஓரத்தில் இல்லாமல் நடுப்பகுதிக்குப் பக்கத்தில். ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடுகிறார்கள். வயது போனவர்களுக்குப் படத்தை விடக் குரல் பதிவு நல்லது. ஒரு நிமிடத்துக்குள், டொக்டரையே திரும்பச் சொல்லச் சொல்லி எடுப்போம், உரையிலிருந்து வெட்டுவதில்லை.

காணொளித் துண்டு வேண்டிய இடங்களும் உண்டு, செய்து காட்டுகிற விஷயங்களுக்கு. தட்டின் விளிம்பை எப்படித் தேய்ப்பது என்று அவர் ஒரு பூச்சாடித் தட்டைக் கையில் வைத்துக் காட்டியது அப்படி. அகலக் காணொளியிலிருந்து நிமிர்ந்த துண்டு எடுக்க ffmpeg என்ற செயலியில் இந்த ஒரு வரி எனக்குப் போதும்:

```
ffmpeg -ss 00:31:40 -to 00:32:25 -i urai.mp4 -vf "crop=ih*9/16:ih" thundu.mp4
```

இது நடுப்பகுதியைத்தான் எடுக்கும், ஆகவே பேச்சாளர் நடுவில் நிற்கும்படி கமெராவை வைக்க வேண்டும். திரைக்கும் ஆளுக்கும் நடுவைப் பார்க்கும்படி கமெராவை வைத்தால் துண்டில் வெறும் சுவர்தான் வரும். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை விடுகிறது, நாங்கள் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. சத்தம்தான் பெரிய தலையிடி. காலி வீதி பஸ்ஸும் மண்டபத்து மின்விசிறியும் சேர்ந்தால் முழு உரையில் சமாளிக்கலாம், போனில் கேட்கிற துண்டில் சமாளிக்க முடியாது. பேச்சாளரின் சட்டைப் பையில் இன்னொரு போனை வைத்துக் குரலைத் தனியாகப் பதிவது செலவில்லாத தீர்வு. துண்டின் கீழே தமிழ் எழுத்து ஓட விடுகிறவர்கள் வெளியிடுமுன் “கொ”, “பே” போன்ற எழுத்துகளைப் பாருங்கள், சில செயலிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும்.

உரை அல்லாமல் கட்டுரையிலிருந்து எடுக்கும்போது எங்கள் ஊரில் அடிக்கடி வருகிற ஒரு சிக்கல் பாமினி என்ற பழைய எழுத்துரு. மூத்தவர்கள் பலர் இன்னும் அந்த எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். கணினியில் தமிழாகத் தெரியும், வெட்டி ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஆனால் கட்டுரைக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக மாற்றிக் குழப்பிவிடும். மருந்துப் பெயர் வருகிற இடங்களைக் கண்ணால் பார்க்காமல் விடவே கூடாது.

எல்லா உரைக்கும் இந்த முறை பொருந்தாது. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு பற்றி ஒருவர் பேசினார். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது, சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று காணிக்கை தனித்தனி. இந்த ஒரு விஷயம் அழகான பதிவு. ஆனால் அன்றைய உரையின் பெறுமதி, அப்படி ஏன் எழுதினார்கள் என்று அவர் படிப்படியாகக் கட்டிய வாதத்தில்தான் இருந்தது, அதைத் துண்டாக்கினால் வாதம் போய் முடிவு மட்டும் நிற்கும். அப்படியான உரைக்கு ஒரே ஒரு பதிவும், யூடியூபில் 00:00 இலிருந்து தொடங்கும் அத்தியாய நேரக் குறிப்புகளும் போட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நேரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். தாள் நிரப்ப ஒரு முழு மாலை, எழுத இன்னொன்று, பேச்சாளர் பார்த்து அனுப்பிய பின் படமாக்க அரை நாள். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் போட மாட்டேன். டெங்குப் பதிவுகளை மே மாதத்தில், தென்மேல் பருவமழை தொடங்கும்போது திரும்ப எடுப்பேன், அப்புறம் வருடக் கடைசி மழைக்கு. போடுமுன் படத்தில் உள்ள மாதத்தையும் தொலைபேசி எண்ணையும் பார்ப்பேன், டொக்டருக்கும் ஒருமுறை அனுப்புவேன். மாற்றம் இருந்தால் பழைய படத்தில் திருத்துவதில்லை, புதிதாகவே செய்வேன், ஏனென்றால் பழையது எப்படியும் ஏதோ ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நிறம் வேறாக இருந்தால்தான் எது புதியது என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.