190, 132, 137: பதினான்கு மாதக் கிரியேட்டினும் என் கொழுப்புக் கணக்கும்

சாவகச்சேரியில் இருக்கும் மச்சான் போன வாரம் அழைத்திருந்தான். பாரம் தூக்கும் பலத்துக்காகக் குடிக்கும் கிரியேட்டின் பொடியின் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதைக் குடித்தால் கொலஸ்ரோலும் குறையும் என்று நீதானே போன வருடம் சொன்னாய்?" என்றும் கேட்டுவிட்டான். சொன்னது உண்மைதான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறேன்.

கிரியேட்டின் எதற்கு, எவ்வளவு என்று பாரம் தூக்குகிறவர்களுக்குத் தெரியும். நான் குடிப்பது வாசனை சேர்க்காத மோனோஹைட்ரேட், நாளுக்கு 5 கிராம், காலைத் தேநீர் ஆறியபிறகு ஒரு குவளைத் தண்ணீரில். முதல் மாதம் ஒன்றரைக் கிலோ ஏறியது, பெரும்பாலும் நீர். ஐந்து தடவையோடு நின்ற பாரத்தை ஏழு தடவை தூக்க முடிந்தது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் டப்பாவுக்குள் கட்டிபட்டு உளி வைத்து உடைக்கும் நிலைக்கு வருவதைத் தவிர.

என் தொல்லை வேறு. அப்பாவுக்கு 54 வயதில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதனால் எந்தப் பொடியைத் தொட்டாலும் வீட்டில் முதலில் கேட்பது இதயத்தைப் பற்றித்தான். தொடங்குவதற்கு முன் இரத்தம் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ரோல் 214, நல்ல கொலஸ்ரோல் எனப்படும் எச்.டி.எல். 41, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 190, எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், மீண்டும் கொடுத்தேன். மொத்தம் 206, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைட் 132. முப்பது வீத இறக்கம்! ஆய்வுகூடத்து வாசலிலேயே தாளைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

என்னிடம் ஆதாரமும் இருந்தது. 1996இல் ஏர்னெஸ்ட் குழு வெளியிட்ட ஆய்வில் 34 பேருக்குக் கிரியேட்டினோ போலிப் பொடியோ கொடுத்தார்கள். கிரியேட்டின் குடித்தவர்களுக்கு முதல் ஐந்து நாள் 20 கிராம், பிறகு 10 கிராம், மொத்தம் 56 நாள். அவர்களின் ட்ரைகிளிசரைட் ஏறத்தாழ 23 வீதம் இறங்கியது, மொத்தக் கொலஸ்ரோலும் ஐந்து, ஆறு வீதம் இறங்கியது. நான் படித்தது அந்த வரிகளை மட்டும். பங்குபற்றியவர்கள் 32 முதல் 70 வயது வரையானவர்கள், எல்லோருக்கும் தொடக்கத்திலேயே கொலஸ்ரோல் 200க்கு மேல். அங்கேயும் கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்.டி.எல். அசையவில்லை என்ற வரியைக் கண் தாண்டிப் போய்விட்டது.

அந்த எல்.டி.எல்.தான் என் தாளிலும் என்னைக் கவிழ்த்தது. பெரும்பாலான ஆய்வுகூடங்கள் அதை நேரடியாக அளப்பதில்லை. ட்ரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்து, அதையும் எச்.டி.எல்.ஐயும் மொத்தத்திலிருந்து கழிக்கிறார்கள். ஏப்ரலில் 190ஐ ஐந்தால் வகுத்தால் 38. 214இலிருந்து 41உம் 38உம் போனால் மிச்சம் 135. ஆகஸ்டில் 132ஐ வகுத்தால் 26. 206இலிருந்து 42உம் 26உம் போனால் மிச்சம் 138. நான் கொண்டாடிய எட்டுப் புள்ளி இறக்கம் முழுவதும் ட்ரைகிளிசரைட்டைச் சுமக்கும் துகள்களில் வந்தது. குழாயில் படியும் எல்.டி.எல். மூன்று புள்ளி கூடியிருந்தது. மூன்று என்பது ஒன்றுமில்லை, அளவீட்டுத் தளம்பல்தான். ஆனால் குறையவில்லை.

இதைக் காட்டியவர் எங்கள் குடும்ப வைத்தியர். தாளை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, முதல் தடவை எப்போது இரத்தம் கொடுத்தீர்கள்?" என்றார். சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை. முந்தின இரவு பெரியம்மா வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி, மச்சானோடு இரண்டு போத்தல் பியர், படுக்கும்போது பன்னிரண்டு மணி. எட்டு மணிக்கு ஊசி. இரண்டாவது தடவை? நல்லூர்த் திருவிழாவின் கடைசி வாரம். வீட்டில் மூன்று வாரமாக மச்சம் இல்லை, நானும் குடிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. ட்ரைகிளிசரைட் நேற்றைய தட்டையும் குடியையும் அப்படியே காட்டிக் கொடுக்கும் எண். ஒரே மனிதருக்கு, ஒன்றும் மாறாமலே, ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இருபது வீதம்வரை தளம்பக்கூடியது. நான் ஒப்பிட்டது கிரியேட்டின் உள்ள உடம்பையும் இல்லாத உடம்பையும் அல்ல, புத்தாண்டையும் திருவிழாவையும்.

கோபத்தில் ஜனவரியில் பொடியை நிறுத்தினேன். தசையில் சேர்ந்த மேலதிகக் கிரியேட்டின் வடிய நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும், ஆகவே ஆறு வாரம் பொறுத்தேன். இந்த முறை முந்தின இரவு ஏழரைக்குப் புட்டும் சொதியும், பிறகு பன்னிரண்டு மணிநேரம் தண்ணீர் மட்டும். இரண்டு நாள் பாரமும் தூக்கவில்லை. ட்ரைகிளிசரைட் 137, எல்.டி.எல். 134. மார்ச்சில் மறுபடி தொடங்கி, மே மாதம் அதே ஒழுங்கில் அளந்தேன்: ட்ரைகிளிசரைட் 134, எல்.டி.எல். 136. பொடியோடும் பொடியின்றியும் ஒரே ஆள்.

பிறகுதான் எனக்குப் பொருந்தும் ஆய்வைத் தேடிப் படித்தேன். 2000இல் வோலெக் குழு, ஏற்கனவே பாரம் தூக்கிப் பழகிய 19 ஆரோக்கியமான ஆண்களை 12 வாரம் பின்தொடர்ந்தது. கிரியேட்டின் பிரிவுக்கு முதல் வாரம் நாளுக்கு 25 கிராம், பிறகு 5 கிராம். கொலஸ்ரோலிலோ ட்ரைகிளிசரைட்டிலோ கிரியேட்டினால் எந்த மாற்றமும் இல்லை. 2008இல் பிரேசிலில் உடற்பயிற்சி இல்லாத ஆண்களுக்கு மூன்று மாதம் ஓட்டப் பயிற்சியும் கொடுத்துக் கிரியேட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் வந்த நன்மைக்கு மேல் பொடி ஒன்றும் சேர்க்கவில்லை. எல்லாம் சிறிய ஆய்வுகள்தான். ஆனால் கெடுதல் காட்டவில்லை என்பது அப்பாவுக்குப் போதுமாயிருந்தது.

பொடி உண்மையில் அசைத்தது ஒரே ஒரு எண்ணை, அதுவும் என்னைத் தூங்கவிடாத எண். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள், இரத்தத்தில் ஏப்ரலில் 1.02, ஆகஸ்டில் 1.31. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. சித்தி பார்த்துவிட்டு, சிறுநீரகம் போய்விட்டது என்று கொழும்பு வரைக்கும் தொலைபேசியில் அறிவித்தார். தசையிலுள்ள கிரியேட்டினில் நாளுக்கு இரண்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு தானாகவே கிரியேட்டினினாக மாறுகிறது. கிடங்கு பெருத்தால் கழிவும் பெருக்கும், வடிகட்டி பழுதானதாகப் பொருளில்லை. நிறுத்திய ஆறு வாரத்தில் அது 1.04க்கு வந்தது. சந்தேகம் தீராவிட்டால் சிறுநீரகத்தைப் பார்க்க, கிரியேட்டினோடு தொடர்பில்லாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இருக்கிறது. ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. சித்திக்கு இதை மூன்று முறை விளக்கினேன். இன்றும் என்னைக் கண்டால் முகம் வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

மச்சானுக்குச் சொன்ன பதில்: பாரம் தூக்க வாங்கு, கொலஸ்ரோலுக்கு வாங்காதே. அதற்கு அவன், "அப்படியென்றால் எனக்கு வேண்டாம்" என்றான். நல்லதென்று விட்டுவிட்டேன், அவன் ஜிம்முக்குப் போவது மாதத்தில் நான்கு நாள். நானோ இன்று காலையும் 5 கிராம் குடித்தேன், இன்னமும் எரிச்சலோடுதான். 136இல் நிற்கும் எல்.டி.எல்.க்காக வைத்தியர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். பியர் இல்லாமல், பன்னிரண்டு மணிநேரம் வெறும் வயிற்றோடு.