புல்-அப் ரெசிஸ்டர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அட்மெகா328பி சிப்பில் PD2 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு பட்டன். அழுத்தினால் 0 வருகிறது, அதில் தகராறே இல்லை. விட்ட பிறகுதான் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. அதன் கொள்ளளவு சுமார் 10 பிகோஃபாரட்தான். ஒரு நானோ ஆம்பியர் கசிந்தாலே 10 மில்லிவினாடியில் மின்னழுத்தம் 1 வோல்ட் நகர்ந்துவிடும். அதனால் பக்கத்து ஒயரோ கிட்டே வரும் விரலோ 0, 1 என்று மாற்றிக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இன்னும் குழப்பம்: மீட்டரின் 10 மெகா ஓம் உள்தடையே பின்னைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடுவதால், வைத்திருக்கும்வரை கோளாறு ஒளிந்துகொள்ளும்.

பின்னை 5 வோல்ட்டோடு ஒரு ரெசிஸ்டர், அதாவது புல்-அப், வழியாக இணைத்தால், பட்டனை விட்டதும் அது 1-க்குத் திரும்பும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரை ஒன்று உண்டு. ஒயர் குட்டையாக இருந்தால் அதுவே போதும்.

```c
DDRD  &= ~(1 << PD2);
PORTD |=  (1 << PD2);
_delay_us(20);
if (!(PIND & (1 << PD2))) {
    /* அழுத்தியிருக்கிறது */
}
```

அந்த 20 மைக்ரோவினாடியைத் தேவையில்லை என்று அழித்துவிட வேண்டாம். ஒயரின் கொள்ளளவு 200 பிகோஃபாரட், ரெசிஸ்டர் 50 கிலோ ஓம் என்றால், பின் 1 என்று படிக்கும் அளவுக்கு ஏற 9 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் படித்தால், பவர் போட்டதுமே யாரோ பட்டனை அழுத்தியதாகக் கணக்காகிவிடும்.

அதிக நேரத்தைத் தின்பது வேறொரு தவறு. பட்டன் முதலில் ஒழுங்காக வேலை செய்யும். எல்இடி ஒரு தடவை எரிந்த பிறகு தாறுமாறாகும். பழியெல்லாம் பட்டன் மேல் விழும், பட்டனை மாற்றியும் சரியாகாது. குற்றவாளி பெரும்பாலும் இப்படி ஒரு வரி:

```c
PORTD = (1 << PD5);
```

இன்புட் பின்னுக்கு PORTD-இல் உள்ள பிட்தான் புல்-அப்பின் சுவிட்ச். இந்த வரி எல்இடி இருக்கும் PD5-ஐ ஏற்றும்போது PD2-இன் பிட்டைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடுகிறது. பின் மறுபடி மிதக்கிறது. மீட்டர் இங்கே உதவும்: புல்-அப் உயிரோடு இருந்தால் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், போயிருந்தால் 0 பக்கம் சரியும். எல்இடியை ஏற்ற `|=`, அணைக்க `&= ~` என்று எழுதினால் தீர்ந்தது.

ஒயர் மீட்டர் கணக்கில் நீண்டாலோ, மோட்டார் அருகே ஓடினாலோ உள் புல்-அப்பை நம்ப முடியாது. வெளியே 4.7 கிலோ ஓம் போடுவதே நல்லது. பட்டனை அழுத்தியிருக்கும்போது சுமார் 1 மில்லி ஆம்பியர் போகும். பேட்டரியில் ஓடும் கருவியில், அதுவும் எப்போதும் மூடியே இருக்கும் கதவு சுவிட்ச் என்றால், இது சின்னச் செலவில்லை. அங்கே 47 கிலோ ஓம் போட்டு, ஒயரைக் குட்டையாக்கிக்கொள்ளலாம்.