ஒட்டுவதா, மாற்றுவதா: ஒலி கெட்ட புளூடூத் ஸ்பீக்கருக்கு எந்த வழி?

விளக்கு எரிந்தும் ஒலி வராத, அல்லது பாஸ் வரும்போதெல்லாம் கடகடவென்று அதிரும் புளூடூத் ஸ்பீக்கருக்கு மூன்று வழிகள் உண்டு: பிரிந்த ரப்பரை ஒட்டுவது, ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரை மாற்றுவது, உள்ளே இருக்கும் மின்சுற்று போர்டை மாற்றுவது. எது பொருந்தும் என்பதைத் திறப்பதற்கு முன்பே பாதி தீர்மானித்துவிடலாம். இயக்கியவுடன் கேட்கும் ‘பீப்’ ஒலி தெளிவாக வந்து, பாட்டு மட்டும் வராவிட்டால் டிரைவரும் ஆம்ப்ளிஃபையரும் நலமாகவே இருக்கின்றன; போனில் மீடியா ஒலி இந்த ஸ்பீக்கருக்குச் செல்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சார்ஜரில் செருகியதும் அதிர்வு மறைந்தால், பாஸ் கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாமல் பேட்டரி தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

சார்ஜரிலும் அதிர்வு தொடர்ந்தால் ஒட்டும் வழியை முதலில் ஆராயலாம். பல ஸ்பீக்கர்களின் ஓரங்களில் ஒயர் இணைப்பே இல்லாத பாசிவ் ரேடியேட்டர் என்ற ரப்பர் தகடு இருக்கும். அதன் விளிம்போ நடுவில் உள்ள எடையோ பிரிந்திருந்தால், காய்ந்த பின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டினால் போதும். விறைத்துப்போகும் உடனடிப் பசை இங்கே வேண்டாம், ஏனெனில் அசையும் விளிம்பில் அது விரிசல் விட்டு மறுபடியும் அதிரும். ரப்பரே கிழிந்திருந்தால் ஒட்டு நிலைக்காது. டிரைவரின் கோனை விரல்நுனிகளால் சமமாக மெல்ல அழுத்தும்போது ‘சரசர’ என்ற உரசல் தெரிந்தால் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுகிறது. அதற்கும் பசை மருந்தல்ல, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும்.

ஒலியே இல்லாதபோது மல்டிமீட்டர் தீர்ப்புச் சொல்லும். டிரைவரின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். 4 ஓம் டிரைவர்கள் இரண்டு உள்ள பெட்டியில் ஒன்று 3.6 ஓம் காட்டி, மற்றது எதையும் காட்டாவிட்டால், காட்டாததன் காயில் அறுந்திருக்கிறது. மாற்று டிரைவர் அதே ஓமும் அதே அளவும் கொண்டதாக இருக்க வேண்டும். ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் அதிக மின்சாரம் தர நேர்ந்து சூடாகும். இரண்டும் சரியான அளவைக் காட்டியும் ‘பீப்’கூடக் கேட்காவிட்டால், ஒயர் இணைப்புகளைச் சோதித்த பின் போர்டைச் சந்தேகிக்கலாம். இந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன், ஏனெனில் அதே மாடலின் போர்டு கிடைப்பது அரிது. பொதுவான போர்டைப் பொருத்தினால் பட்டன்களும் சார்ஜிங் துளையும் பெட்டியோடு இசைவதில்லை.

எந்த வழியில் சரிசெய்தாலும் பெட்டியைக் காற்றுப் புகாதபடி மூட வேண்டும். பாஸ் ஒலிக்கும்போது மெல்லிய காகிதத் துண்டொன்றை மூட்டின் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். அது படபடக்கும் இடத்தில் காற்று கசிகிறது, புது டிரைவர் போட்டும் தீராத இரைச்சலுக்கு அந்தக் கசிவே காரணமாக இருக்கலாம்.