வாரம் அரை மணியா, மாதம் இரண்டு மணியா? புது ஆசிரியருக்கான முதலாண்டு வழிகாட்டல் திட்டம்

புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு வழிகாட்டியாக இருப்பவர் வழக்கமாக இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றில், ஆண்டு தொடக்கத்திலேயே ஐந்தாறு இலக்குகளை எழுதிவிட்டு மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். மற்றொன்றில் ஆறு வாரத்துக்கு ஒரே ஓர் இலக்கு, வாரம் அரை மணி நேரச் சந்திப்பு, அதற்கு முன் பதினைந்து நிமிடம் வகுப்பைக் கவனிப்பது. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

மொத்தச் சந்திப்பு நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கவனிப்புக் குறிப்புகள் பணி மதிப்பீட்டுக்குப் போகக்கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. போனால் புது ஆசிரியர் தன் சிக்கலைச் சொல்லவே மாட்டார்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: பாடத்தைப் பார்த்ததற்கும் பேசுவதற்கும் இடையே எத்தனை நாள் ஓடுகிறது என்பது. மாதச் சந்திப்பில் மூன்று வாரத்துக்கு முந்தைய வகுப்பைப் பற்றிப் பேச நேரும். அதற்குள் அந்தப் பாடமே முடிந்திருக்கும், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது இருவருக்குமே மறந்திருக்கும். அதனால் பேச்சு 'மாணவர்களை இன்னும் ஈடுபடுத்த வேண்டும்' என்ற அளவிலேயே நின்றுவிடும். இரண்டு நாளுக்குள் பேசினால், அதே பிரிவின் அடுத்த பீரியடிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம்.

ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஒருவரோடு வேலை செய்ததைச் சொல்கிறேன். 'கேள்வி கேட்கும் திறனை வளர்த்தல்' என்றுதான் இலக்கை முதலில் எழுதினார். எட்டியாயிற்றா என்று இதில் யாராலும் சொல்ல முடியாது. அதனால், 'ஆறாவது வாரத்தில் கால் மணி நேரத்துக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு மாணவர்கள் பதில் சொல்ல வேண்டும்' என்று மாற்றினோம். கவனிப்புக்கு ஒரு இருக்கை வரைபடம் போதும். யார் வாய் திறக்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டியதுதான். முதல் வாரம் கோடுகள் எல்லாம் நான்கு பேர் மேல்தான் விழுந்தன, நால்வரும் முன் வரிசை. காரணமும் கண்ணில் பட்டது: கேள்வி கேட்டு ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டால் அவரே சொல்லிவிடுவார். இது அவருடைய குறை மட்டும் அல்ல. ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார்.

இரண்டாம் வாரம் அந்த ஆசிரியை மூன்று நொடி காத்திருந்தார். மௌனம்தான் நீண்டதே தவிர, அதே நால்வர்தான் கை தூக்கினார்கள். அன்று மாலையே பேசியதால் அடுத்த படி தெரிந்தது: முதலில் எல்லோரும் நோட்டில் விடையை எழுதட்டும், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஐந்தாம் வாரத்தில் கோடுகள் பின் வரிசைக்கும் போயிருந்தன. மாதச் சந்திப்பாக இருந்திருந்தால், மூன்று நொடி உத்தி பலிக்கவில்லை என்று அவர் அதை அப்போதே கைவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வாரத் திட்டத்துக்குப் பராமரிப்பு அதிகம். டைம்டேபிள் போடும்போதே இருவருக்கும் பொதுவான ஒரு காலி பீரியடை ஒதுக்கி வாங்காவிட்டால், வராத ஆசிரியரின் வகுப்புக்கு யாரையாவது அனுப்பும்போது முதலில் பறிபோவது அதுதான். தேர்வு வாரங்களில் கவனிப்பு நடக்காது. அப்போது பத்து விடைத்தாள்களைச் சேர்ந்து திருத்தினால் சந்திப்பு தொடரும். இன்னொரு ஆபத்து, அரை மணியும் புலம்பலிலேயே போய்விடுவது. சந்திப்புக் குறிப்பின் கடைசி வரியாக 'அடுத்த பீரியடில் நான் செய்யப்போவது' என்று புது ஆசிரியரே எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் அந்த வரி காலியாக இருந்தால் சந்திப்பு வெறும் அரட்டையாகிவிட்டது என்று பொருள்.

மாதத் திட்டத்துக்கும் ஒரு பலம் உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களைப் பிரித்துத் திட்டமிடுவது, மதிப்பெண் பட்டியலை அலசுவது போன்றவை அரை மணிக்குள் அடங்காது. அதற்காகப் பருவத்துக்கு ஒரு நீண்ட அமர்வு வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் இலக்கே வேண்டாம், வருகைப் பதிவு, வகுப்பு ஒழுங்கு என்று அன்றாடத் தேவைகளே போதும். அதன்பின் இரண்டு சுற்று வாரச் சந்திப்பு, ஆண்டின் பின்பாதியில் இரு வாரத்துக்கு ஒன்று.

ஒரே வழிகாட்டியிடம் நான்கைந்து பேரை ஒப்படைத்திருந்தால் வாரத் திட்டம் தாங்காது, மாதச் சந்திப்புதான் நடக்கும். தொடக்க வகுப்புகளில் இதை நான் நடத்திப் பார்த்ததில்லை, அங்கே ஆறு வாரச் சுற்று சரியான அளவா என்பதை அந்த வகுப்புகளை எடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.