தேற்றம் வந்தது, நிறுவல் வரவில்லை: நீண்டநாள் பாவித்த ஒரு சரிபார்ப்பு முறை

"சேர், இதை நிறுவிட்டன். பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கம்பஸ் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிற எவருக்கும் இந்த வட்ஸ்அப் செய்தி பழக்கமானது. கூடவே ஒரு படம் வரும். படத்தில் தேற்றத்தின் கூற்று மட்டுந்தான் இருக்கும். நிறுவல் கொப்பியில், கொப்பி வீட்டில். "நிறுவலையும் அனுப்பும்" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆனால் கூற்றை மட்டும் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: கூற்றைப் பொய்யாக்கும் ஓர் எதிருதாரணத்தைத் தேடுவது. பல வருடங்களாகப் பாவனையில் இருக்கும் அந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரே உதாரணத்தில் பார்ப்போம்.

வந்த கூற்று இது: f என்பது எல்லா மெய்யெண்களிலும் வகையிடத்தக்க சார்பு. x முடிவிலியை நோக்கிச் செல்லும்போது f(x) ஒரு முடிவுள்ள எல்லை L ஐ அடைகிறது. எனின், f'(x) பூச்சியத்தை அடையும் என நிறுவுக.

கேட்டவுடனே சரி போலத்தான் படும். வளையி ஒரு மட்டத்தில் படிந்துகொண்டு போகிறது, அப்போது படித்திறனும் பூச்சியத்துக்குத்தானே போகவேண்டும்? முறையின் முதல் வேலை இந்த உணர்வை நம்பாமல் விடுவது. கூற்று எதைக் கட்டுப்படுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கவேண்டும். இங்கே f இன் உயரம் கட்டுப்பட்டிருக்கிறது. அது எவ்வளவு விரைவாக நடுங்கலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. எனவே உயரம் குறையக் குறைய நடுக்கம் கூடுகிற ஒரு சார்பைத் தேடவேண்டும். அகப்படுவது:

```
f(x)  = sin(x²)/x ,   f(0) = 0
f'(x) = 2cos(x²) − sin(x²)/x²     (x ≠ 0)
```

x = 0 இலும் இது வகையிடத்தக்கது; அங்கே பெறுதி 1. |f(x)| எப்போதும் 1/|x| ஐத் தாண்டாது, ஆகவே L = 0. நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் x = √(2πk) என்ற புள்ளிகளில், k = 1, 2, 3 என எடுக்க, f' சரியாக 2. k = 100 எனின் x ஏறத்தாழ 25.07, அங்கே வளையி 0.04 உயரத்துக்குள் அடங்கியிருக்கிறது, படித்திறனோ 2. k = 10000 எனின் x ஏறத்தாழ 250.7, உயரம் 0.004, படித்திறன் அதே 2. f' பூச்சியத்துக்குப் போகவில்லை. கூற்று பொய்.

இந்த இடத்தில்தான் முறை தன் முழுப் பலனையும் தருகிறது. கூற்றே பொய் என்றால், காணாத அந்த நிறுவலில் பிழை இருந்தே ஆகவேண்டும். எத்தனை பக்கமாக இருந்தாலும், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரிதான். ஒரு வரியும் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே நிலைமை இது.

கணினியில் எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படி நீளம் 0.1 என வைத்து (f(x+0.1) − f(x))/0.1 ஐ x = 250 அளவில் கணித்தால், விடை 0.08 ஐத் தாண்டவே முடியாது, ஏனெனில் தொகுதி அதிகபட்சம் 0.008 தான். "ஓ, பூச்சியத்துக்குப் போகுது" என்று தோன்றும். அந்த இடத்தில் f' ஆனது 2 இலிருந்து −2 க்கு மாறுவதற்கு எடுக்கும் தூரம் ஏறத்தாழ π/(2x), அதாவது 0.006. படி நீளம் அதைவிட மிகச் சிறியதாக இல்லாவிட்டால் நடுக்கம் கண்ணில் படாது. திரையில் வரைந்த வரைபும் இதே விதமாக ஏமாற்றும். கோடு x அச்சோடு ஒட்டிப்போனதுபோலத் தெரியும்.

சரி, பிழை உண்டு என்று தெரிந்துவிட்டது. எந்த வரியில்? நிறுவல் வந்து சேர்ந்ததும் எதிருதாரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிவரியாக நடக்கவேண்டும். ஒவ்வொரு வரியும் sin(x²)/x க்கு உண்மையா என்று மட்டும் பார்க்க, முதன்முதலில் பொய்யாகும் வரியில் பிழை அகப்படும். நிறுவல் வருமுன்பே இந்த வேலையைப் பாதி செய்துவைக்கலாம், ஏனெனில் இந்தக் கூற்றை "நிறுவ" வழமையாக வரும் வழிகள் அதிகம் இல்லை.

மிகவும் பரவலானது இடைப்பெறுமானத் தேற்றத்தால் வருவது. f(n+1) − f(n) பூச்சியத்தை அடைகிறது: எங்கள் சார்புக்கு உண்மை. n க்கும் n+1 க்கும் இடையில் f'(cₙ) = f(n+1) − f(n) ஆகும்படி cₙ ஒன்று உண்டு: உண்மை. ஆகவே f'(cₙ) பூச்சியத்தை அடைகிறது: இதுவும் உண்மை. "cₙ முடிவிலிக்குப் போகிறது, ஆகவே f'(x) பூச்சியத்தை அடைகிறது": இந்த வரியில் உடைகிறது. ஒவ்வோர் ஆயிடையிலும் தேற்றம் தருவது ஒரு புள்ளியைத்தான். அதே ஆயிடையில் படித்திறன் 2 ஆக இருக்கும் புள்ளிகள் தாராளமாக உண்டு.

அடுத்தது கொஞ்சம் கெட்டித்தனமான வழி. f ஐ eˣf/eˣ என்று எழுதி லோப்பித்தாலின் விதியைப் போட்டால் lim f = lim (f + f') என்று வரும், எனவே f' இன் எல்லை 0. பார்க்க மந்திரம்போல இருக்கும். ஆனால் பெறுதிகளின் விகிதத்துக்கு எல்லை உண்டு என்று முன்பே தெரிந்தால்தான் அந்த விதி வேலை செய்யும். எங்கள் சார்பில் f + f' க்கு எல்லையே இல்லை. இந்த வழியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்ல மாணவர்கள்.

எதிருதாரணத்தோடு நிறுவலுக்குள் நடப்பது புதுப் பழக்கம் இல்லை. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருக்குக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று கோஷி 1821 இல் நிறுவலோடு அச்சிட்டார். அதற்கு விதிவிலக்கு உண்டு என்று 1826 இல் ஏபெல் ஒரு சைன் தொடரைக் காட்டினார். நிறுவலில் ஒளிந்திருந்த நிபந்தனையை, அதாவது இன்று சீரான ஒருங்கல் என்று படிப்பதோடு சேர்ந்த விடயத்தை, சைடெல் வெளியே எடுத்தது 1847 இல். எதிருதாரணம் கிடைத்த பிறகும் வரியைக் கண்டுபிடிக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

இனி முறையின் பலவீனமான பக்கம். கூற்று உண்மையாக இருந்தால் என்ன செய்வது? மேலே வந்த படத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கலாம். இது அடிக்கடி நடக்கிறது. "இந்தப் பகுதியில் எல்லாச் சார்புகளுக்கும்…" என்று அத்தியாயத் தொடக்கத்தில் போட்ட நிபந்தனை தேற்றத்துக்குள் திரும்ப எழுதப்படுவதில்லை. ஆகவே எதிருதாரணத்தை அனுப்புமுன் முழுப் பக்கத்தையும் அத்தியாயத்தின் முதற் பக்கத்தையும் படம் எடுத்துக் கேட்பது அவசியம். விட்டுப்போன வரி "f'(x) க்கு ஒரு முடிவுள்ள எல்லை உண்டு" என்பதாக இருந்தால் கூற்று உண்மையாகிவிடும். அந்த எல்லை M எனின், f(x+1) − f(x) = f'(c) இல் இடப்பக்கம் 0 ஐயும் வலப்பக்கம் M ஐயும் அடைகின்றன; M = 0. விட்டுப்போனது "f' சீராகத் தொடர்ச்சியானது" என்பதாக இருந்தாலும் உண்மைதான்; அது 1959 இல் பார்பலாட் தந்த துணைத்தேற்றத்தின் ஒரு வடிவம், கட்டுப்பாட்டுப் பொறியியலில் நாளாந்தம் பாவிக்கப்படுவது.

உண்மையான கூற்றுக்குப் பிழையான நிறுவல் எழுதலாம். கூற்றை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தப் பிழை தெரியவராது. ஆனால் ஒரு கேள்வியைத் தயாரிக்கலாம். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சக் கூற்று பொய்யாகிறதா என்று பார்க்கவேண்டும். "f' க்கு எல்லை உண்டு" என்பதை எடுத்தால் பொய்யாகிறது என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அப்படியானால் பிள்ளையிடம் கேட்கவேண்டியது இதுதான்: "f' க்கு எல்லை உண்டு எண்டதை எந்த வரியில பாவிச்சனீர்?" "ஓரிடத்திலயும் இல்லை சேர்" என்று பதில் வந்தால், அந்த நிறுவல் பொய்யான கூற்றையும் சேர்த்தே நிறுவியிருக்கிறது. எனவே பிழை. வரி காட்டினால், அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பச் சொல்லிப் பார்க்கலாம்.

எதிருதாரணம் கையில் இருக்கும் நிபந்தனைக்குத்தான் இந்தக் கேள்வி பொருந்தும். "f வரைப்புற்றது" என்று ஒருவர் மேலதிகமாக எழுதியிருந்தால், அதைப் பாவிக்காமல் விட்டது குற்றமில்லை. தொடர்ச்சியிலிருந்தும் எல்லையிலிருந்தும் 0 க்கு வலப்பக்கம் அது தானாகவே வருகிறது, இடப்பக்கம் எங்களுக்குத் தேவையுமில்லை.

லீன் என்ற நிறுவல் மென்பொருளோடு பழகியவர்கள் கூற்றை மட்டும் அதில் எழுதிப் பார்ப்பதுண்டு:

```lean
import Mathlib
open Filter Topology

theorem kootru (f : ℝ → ℝ) (L : ℝ)
    (hf : Differentiable ℝ f)
    (hL : Tendsto f atTop (𝓝 L)) :
    Tendsto (deriv f) atTop (𝓝 0) := by
  sorry
```

`sorry` என்பது நிறுவல் பிறகு வரும் என்பதற்கான இடம்பிடிப்பு. மென்பொருள் ஓர் எச்சரிக்கையோடு இதை ஏற்றுக்கொள்ளும். கூற்று பொய் என்றாலும் ஏற்கும், ஆகவே அந்த ஏற்பை உண்மைக்கு அத்தாட்சியாக எடுக்கக்கூடாது. பலன் வேறு: f எங்கே வரையறுக்கப்பட்டது, எல்லை எந்தப் பக்கம், L முடிவுள்ளதா என்று ஒன்றையும் மழுப்பாமல் எழுதவேண்டி வரும். முழு நிறுவலும் எழுதி முடித்த பிறகு பாவிக்கப்படாத நிபந்தனை இருந்தால் அதையும் சுட்டிக்காட்டும். முதலாம் வருடப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய ஆயுதம்.

திருப்பி அனுப்பும் பதிலில் சொற்கள் முக்கியம். கூற்று பொய் எனின் எதிருதாரணத்தையும் ஒரு புள்ளியின் பெறுமானத்தையும் சேர்த்து அனுப்பினால் போதும். பொய் என்று காட்ட முடியாதபோது "சரி" என்று ஒரு சொல்லில் பதில் போடவேண்டாம். அது அன்றிரவே குழுவுக்குள் "சேர் பார்த்திட்டார், நிறுவல் சரியாம்" என்று போய்விடும். "கூற்றில் பிழை காணவில்லை, நிறுவல் இன்னும் பார்க்கப்படவில்லை, இந்த நிபந்தனை எந்த வரியில் வருகிறது என்று எழுதி அனுப்பும்" என்று முழுதாக எழுதுவதே பாதுகாப்பு.