பங்க் பெட் மாட்டித் தந்தவர் "எல்லாம் டைட்" என்றார். மேல் கட்டில் தொங்கியது மூன்று மரையில்

கட்டில் வாங்கிய கடையே ஆள் அனுப்பியது. வந்தவர் கையில் டிரில், வாயில் அவசரம். மரப் பங்க் பெட்டை முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, "ஒரு யானையே ஏறலாம் சார்" என்று சொல்லிப் போனார். வழிமுறைத் தாள் இருந்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவே இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

ஒன்பதாவது நாள் பையன், "அப்பா, ஏறும்போது மட்டும் கீச்சுனு கத்துது" என்றான். படுத்தால் சத்தம் இல்லை, ஏணியில் கால் வைத்தால்தான். ஏணி மாட்டியிருந்த மூலையில் கையை வைத்துக்கொண்டு அவனை ஒரு படி ஏறச் சொன்னேன். நீளச் சட்டம் காலை விட்டு மெல்ல விலகி, மறுபடி ஒட்டியது. அவனை இறக்கிவிட்டு, மெத்தையை எடுத்துவிட்டு ஆலன் சாவியோடு உட்கார்ந்தேன்.

இந்தக் கட்டில்களில் கால் மரத்தைத் துளைத்து வரும் போல்ட், சட்டத்துக்குள் குறுக்கே கிடக்கும் உருளை வடிவ நட்டில் போய்ப் பிடிக்கும். நட்டு வெளியே தெரியாது, அதன் தலையில் உள்ள கோடு மட்டும் தெரியும். அதனால் எத்தனை மரை பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணலாம். 6 மி.மீ. போல்டின் வழக்கமான மரையில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அந்த மூலை போல்டைக் கழற்றினேன்: மூன்றே சுற்று, கையோடு வந்துவிட்டது.

அளந்ததும் விஷயம் புரிந்தது. கால் மரம் 50 மி.மீ., வாஷர் 2 மி.மீ. நட்டு ஆரம்பிப்பதே சட்டத்துக்குள் 25 மி.மீ. ஆழத்தில். ஆக 77 மி.மீ. தாண்டிய பிறகுதான் மரை தொடங்கும். அங்கே 100 மி.மீ. போல்ட் போக வேண்டும். அவர் போட்டது 80. போல்டின் விட்டம் அளவுக்காவது, அதாவது ஆறு சுற்றாவது, பிடித்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

சரி, அந்த நீள போல்ட் எங்கே போனது? அதே மூலையில் தடுப்புச் சட்டத்தில். அங்கே துளை ஆழம் குறைவு. நீள போல்ட் துளையின் அடியில் முட்டி நின்றுவிட்டது. சாவிக்கு இரும்பு மாதிரி இறுக்கம், ஆனால் சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி. டிரில்லால் முடுக்குபவருக்கு இரண்டுமே "டைட்"தான். கையில் இறுக்கம் தெரிந்தால் போதாது. மூட்டில் தாளை நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது.

போல்டுகளை இடம் மாற்றினேன். எல்லா மூட்டையும் முதலில் தளர்வாக வைத்து, கட்டிலைச் சமதரையில் நேராக நிறுத்திவிட்டு, கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கினேன். ஏணியின் கொக்கியில் போல்டுக்குப் பதில் மரத் திருகு இரண்டு இருந்தது. கழற்றியபோது மரத்தூள் கொட்டியது. ஏறி இறங்கும் ஆட்டத்தில் திருகு தன் துளையைத் தானே அரித்துக்கொள்ளும். போல்ட் பையில் மிச்சமிருந்த போல்டுகளே அங்கே சரியாகப் பொருந்தின. "எக்ஸ்ட்ராவா வரும் சார்" என்று அவர் சொல்லிப்போனவை அவைதான்!

இன்னொன்று, இதில் கடைக்கும் பங்கு உண்டு. கட்டிலோடு சேர்த்து 8 அங்குல மெத்தையைத் தலையில் கட்டினார்கள். பலகையிலிருந்து தடுப்பின் உச்சி வரை 11 அங்குலம். மெத்தை போட்டால் மிச்சம் 3. அமெரிக்க விதிப்படி மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் வேண்டும், ஐரோப்பியத் தரப்படி 16 செ.மீ. தூக்கத்தில் புரளும் பிள்ளைக்கு 3 அங்குலம் தடுப்பே இல்லை. 5 அங்குல மெத்தை மாற்றினேன். சுவர்ப் பக்கத் தடுப்பை "சுவரே இருக்கே" என்று மாட்டாமல் விட்டிருந்தார். கட்டில் சுவரை விட்டு நகர்ந்தால் அந்தச் சந்தில்தான் பிள்ளை உடல் வழுகித் தலை மாட்டிக்கொள்ளும். அதையும் மாட்டினேன். ஆறு வயது ஆகாத சின்னவளுக்கு மேல் கட்டில் இல்லை என்று ஏற்கெனவே வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "நீங்களே கழட்டிட்டீங்களே சார், இனி வாரன்ட்டி பொருந்தாது" என்றார்கள். தப்பு என்மேலும் இருக்கிறது, கழற்றுவதற்கு முன் படம் எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் ஆள் மாட்டினால், அவர் கிளம்பும் முன்பே ஒவ்வொரு மூலையிலும் ஒரு போல்டைக் கழற்றிச் சுற்றை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.